சம்பந்தம் பேச எழுதும் முதல் கடிதம்

சம்பா அறுவடை முடிந்து, நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ப் பணம் கைக்கு வந்த பிறகுதான் நீடாமங்கலம் பக்கத்துக் குடும்பங்களில் கல்யாணப் பேச்சு சூடு பிடிக்கும். மார்கழியில் யாரும் பேச்சைத் தொடங்க மாட்டார்கள். தை பிறந்ததும் சொல்லி வைப்பது, மாசி பங்குனியில் பொருத்தம் பார்ப்பது, வைகாசியிலோ ஆவணியிலோ முகூர்த்தம் வைப்பது என்று ஒரு வரிசை உண்டு. அந்த மாதங்களில் பக்கத்து ஊரான ஆலங்குடி குரு கோயிலில் வியாழக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்தாலே தெரியும், அர்ச்சனைத் தட்டோடு நிற்பவர்களில் பிள்ளைக்கோ பெண்ணுக்கோ வரன் தேடுகிறவர்கள் எத்தனை பேர் என்று.

இந்தத் தேடலில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. தரகரோ உறவினரோ ஒரு முகவரியையும் ஒரு தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிடுகிறார்கள். இனி அந்த வீட்டுக்கு முதல் வார்த்தையை எழுத வேண்டும். முன்பு அது மூடிய உறையில் போன கடிதம்; இப்போது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் போகும் செய்தி. முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தாரிடம் அவர்கள் பெற்ற பெண்ணைக் கேட்கப் போகிறோம். அப்போது யார் பெயர் முதலில் வர வேண்டும், அவர்களுடையதா நம்முடையதா? வணக்கம் எங்கே, அறிமுகம் எங்கே? தமிழ்க் கடித மரபில் இந்த வரிசைக்கு நெடிய வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், இன்று எழுதப்படும் செய்திகளில் எது பதிலைப் பெறுகிறது, எது வாசலோடு திரும்புகிறது என்பதும் புரியும்.

நமக்குக் கிடைக்கும் பழைய கடிதங்களில் அரசர்களுடையவை கணிசமானவை. சோழ, பாண்டிய மன்னர்களின் ஓலைகள் கோயில் சுவர்களில் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் பல ‘கோனேரின்மைகொண்டான்’ என்று தொடங்கும். அனுப்புகிற மன்னனின் பட்டம்தான் முதல் சொல். அதற்குப் பிறகே இன்ன நாட்டாருக்கு, இன்ன ஊர்ச் சபையாருக்கு என்று பெறுகிறவர்கள் வருவார்கள். பதினோராம் திருமுறையின் தொடக்கத்தில் இருக்கும் திருமுகப் பாசுரமும் இதே அமைப்புதான். மதுரை ஆலவாய் இறைவன், பாணபத்திரர் என்ற பாணரைச் சேரமான் பெருமாளுக்கு அறிமுகப்படுத்தி எழுதியதாகச் சொல்லப்படும் ஓலை அது. அனுப்புகிறவரின் ஊரும் பெயரும் முதலில். சேரமானின் கொடைச் சிறப்பு அடுத்து. கொண்டு வருகிற பாணர் யார், அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது கடைசியில். அறிமுகக் கடிதம் என்ற வகைக்குத் தமிழில் கிடைக்கும் அழகான எடுத்துக்காட்டு என்றே இதைச் சொல்வேன். ஆனால் அதில் தன்னை முதலில் சொல்லிக்கொள்பவர் ஆணையிடும் இடத்தில் இருக்கிறார். கேட்கப்படுகிறவருக்கு மறுக்கும் வழி கிடையாது.

கேட்கிற இடத்தில் இருப்பவர் எழுதும்போது வரிசை தலைகீழாகிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்தக் காவிரிக்கரையில் வாழ்ந்தவர். மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் இருந்து பாடம் சொன்னவர். திருவாவடுதுறை ஆதீனத்தின் சுப்பிரமணிய தேசிகருக்கு அவர் எழுதிய கடிதங்கள் தலைப்பில் பாடல்களோடு தொடங்கின என்பதை, அவருடைய மாணவர் உ.வே. சாமிநாதையர் 1933-34இல் வெளியிட்ட ஆசிரியர் வரலாற்றில் பார்க்கலாம். பாடல் முழுவதும் தேசிகரின் பெருமையைச் சொல்லும். பிள்ளையவர்கள் தம்மைப் பற்றிச் சொல்வதும், கேட்க வேண்டியதைக் கேட்பதும் அதற்குப் பின்னால்தான். எல்லாருக்கும் பாட்டு எழுத வராது. ஆகவே சாதாரணக் குடும்பங்கள் அதே வேலைக்கு ஆயத்தமான தொடர்களை வைத்திருந்தன. பெறுகிறவர் பெயருக்கு முன் ம-ரா-ரா-ஸ்ரீ, பின்னால் அவர்கள். பிறகு அநேக நமஸ்காரம். இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுத வேண்டியது. பொருள் அதற்குப் பிறகே வரும். கடிதத் தலையில் பிள்ளையார் சுழி, உறையின் நான்கு மூலையிலும் மஞ்சள். மஞ்சள் இருந்தால் சுப காரியம் என்று உறையைப் பிரிக்கும் முன்பே வீட்டுக்குத் தெரிந்துவிடும். சாவுச் செய்தியில் இவை இரண்டும் இருக்காது. தபால்காரர் வந்ததும் நெஞ்சு அடித்துக்கொள்கிற வீட்டில், முதல் பார்வையிலேயே பயத்தைப் போக்குவதும் மரியாதையின் ஒரு பகுதிதான்.

மஞ்சள் தடவிய கடிதம் ஏன் மூடிய உறையில் போயிற்று என்பதற்கும் காரணம் உண்டு. 1879 ஜூலை 1 முதல் இந்தியாவில் அஞ்சலட்டை கிடைத்தது, விலை காலணா. அவ்வளவு மலிவாக இருந்தும் வரன் பற்றிய முதல் கடிதத்தைக் கார்டில் எழுதத் தயங்குவார்கள். கார்டை வழியில் எல்லாரும் படிக்கலாம். ஒரு பெண்ணின் பெயரும் வயதும் நட்சத்திரமும் ஊர் வாயில் விழுந்து, பேச்சு முறிந்தால், அடுத்த வரனுக்கு அது தடையாக வந்து நிற்கும். இன்றைய வாட்ஸ்அப் குழுக்களில் பெண்களின் படத்தையும் ஜாதகத்தையும் கேட்காமல் பகிர்கிறவர்கள் அந்தப் பழைய தயக்கத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த மரியாதைத் தொடர்களில் ஒரு கறையும் உண்டு. அதை மறைத்துவிட்டு மரபைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. ‘அவர்கள்’ என்ற சொல் எல்லார் பெயருக்குப் பின்னாலும் வரவில்லை. உறை மீது எழுதப்பட்ட பெயர் சாதிப் பட்டத்தோடுதான் முழுமை பெற்றது; பட்டமில்லாதவருக்கு ஒருமை விளிதான். நீடாமங்கலத்திலேயே 1937 டிசம்பரில் காங்கிரஸ் அரசியல் மாநாடு ஒன்று நடந்தது. அங்கே பொதுப்பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட தாழ்த்தப்பட்ட தொழிலாளர்கள் பிறகு அடிக்கப்பட்டு, மொட்டையடிக்கப்பட்டு, சாணிப்பால் குடிக்க வைக்கப்பட்டார்கள் என்ற செய்தியை ‘விடுதலை’ வெளிக்கொண்டு வந்தது. ஆ. திருநீலகண்டன் அந்தக் கொடுமையைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். ஒரே வரிசையில் இலை போட்டதைப் பொறுக்காத ஊரில், கடிதத்தின் முதல் வரி எல்லாரையும் ஒன்றாக வணங்கியிருக்க வழியில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில் பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை விட வேண்டும் என்று பேசி, மேடையிலேயே சிலர் விட்டார்கள். 1967க்குப் பிறகு அரசு அலுவலகங்களில் ஸ்ரீ போய்த் திரு வந்தது. பட்டமில்லாமலே ஒருவரை மதித்து விளிக்க ‘திரு’, ‘அவர்கள்’, ‘ஐயா’, ‘அம்மா’, ‘வணக்கம்’ ஆகியவை போதும் என்று பழகிக்கொண்டோம். இன்று முதல் கடிதம் எழுதுகிறவர் கையில் இருப்பது இந்தச் சொற்கள்தான். இவற்றை யாருக்கும் எழுதலாம் என்பதை நான் பெரிய பேறாக நினைக்கிறேன்.

ஆனால் அதே காலத்தில் பள்ளிக்கூடம் இன்னொரு பழக்கத்தையும் கொடுத்துவிட்டது. கடிதம் எழுதச் சொன்னால் நம் பிள்ளைகள் ‘அனுப்புநர்’ என்று போட்டுத் தன் பெயர் முகவரியை எழுதுவார்கள். அதன் கீழே ‘பெறுநர்’. மின்வாரியத்துக்கும் வட்டாட்சியருக்கும் எழுத ஏற்ற அமைப்பு அது. கோப்பு எண் போடுகிறவருக்கு யார் அனுப்பியது என்பது முதலில் தெரிய வேண்டும். வரன் கேட்டு எழுதும்போதும் கை தன்னால் அந்த வரிசைக்கே போகிறது. பெயர், படிப்பு, வேலை, சம்பளம், சொந்த வீடு. கடைசியில் ‘தங்கள் மகளின் விவரம் அனுப்பவும்’. எழுதியவருக்குத் தவறான எண்ணம் எதுவும் இருக்காது. படிக்கிற தாய் தகப்பனுக்கோ, யாரோ தங்கள் வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்பதாகத் தோன்றும்.

வரிசை மாறினால் பதிலும் மாறும் என்பதை இளங்கோவடிகள் இரண்டு கடிதங்களை வைத்தே காட்டியிருக்கிறார். இதே காவிரி நாட்டுக் கதை. கோவலன் பிரிந்ததும் மாதவி முதல் கடிதத்தை எழுதுகிறாள். தாழம்பூவின் வெண்ணிற மடல், செம்பஞ்சுக் குழம்பு, எழுதுகோலாகப் பிச்சி மொட்டு. கடிதம் இளவேனிலையும் நிலவையும், அவை பிரிந்தவர்களைப் படுத்தும் பாட்டையும் பேசுகிறது. அழகில் குறைவில்லை, ஆனால் பெறுகிறவனுக்கு அதில் இடமில்லை. தன் வேட்கையிலேயே தொடங்கி அதிலேயே முடிகிறது. வசந்தமாலை கொண்டுபோய்க் கொடுத்தபோது கோவலன் அதை வாங்கவே மறுத்துவிடுகிறான்.

இரண்டாம் கடிதம் ஓலையில் எழுதி மண் இலச்சினை இட்டது. கோசிகன் என்ற அந்தணன் கையில் கொடுத்து அனுப்புகிறாள். மதுரைக்குப் போகும் வழியில் கோவலனை அவன் கண்டுபிடிக்கிறான். கடிதம் சில அடிகள்தான். முதல் அடியிலேயே மாதவி பெரியவரை விளித்துக் காலில் விழுகிறாள். அடுத்து, தன் சொற்கள் செம்மையாக இல்லாவிட்டாலும் மனத்தில் கொள்ள வேண்டும் என்கிறாள். பெற்றோருக்குச் செய்ய வேண்டிய பணியை விட்டு, குலமகளோடு இரவில் ஊரைவிட்டுப் போனதற்குத் தன் பிழை என்னவென்று தெரியாமல் தவிக்கும் நெஞ்சின் துயரை நீக்க வேண்டும் என்று கேட்கிறாள். போற்றி என்று முடிக்கிறாள். கடிதம் முழுவதும் அவள் பெயர் இல்லை. யார் அனுப்பியது என்பதைச் சொல்லக் கொண்டுவந்தவன் இருக்கிறான்.

கோவலன் அதைப் படித்துவிட்டு அவள்மேல் குற்றமில்லை, குற்றம் தன்னுடையது என்று உணர்கிறான். அடுத்து அவன் செய்வதுதான் கடிதக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். இந்த ஓலையின் பொருள் தன் தாய் தந்தைக்குத் தான் எழுத வேண்டியதற்கும் பொருந்துகிறது என்று கண்டு, அதையே அவர்களிடம் காட்டச் சொல்லிக் கோசிகனிடம் திருப்பிக் கொடுக்கிறான். காதலி காதலனுக்கு எழுதியதை மகன் பெற்றோருக்கு அனுப்ப முடிகிறது. வணக்கத்தில் தொடங்கி, எழுத்தின் குறைக்குப் பொறுத்தருளக் கேட்டு, பெறுகிறவரின் வீட்டுப் பெரியவர்களை நினைத்து, வேண்டுகோளைச் சுருக்கமாக வைத்து, மறுபடி வணங்கி முடித்த கடிதம் என்பதால்தான் அது முடிந்தது. யார் முன்னால் வாசித்தாலும் கூசாத கடிதம் அது. சம்பந்தம் பேச எழுதும் கடிதத்துக்கும் இதே சோதனையை வைக்கலாம். பெண்ணின் அப்பா படிப்பார், பாட்டிக்கு வாசித்துக் காட்டுவார்கள், மாமாவுக்கு அனுப்புவார்கள், அந்தப் பெண்ணும் படிப்பாள். நான்கு பேரில் எவரும் முகம் சுளிக்கக் கூடாது.

இதை இன்றைய நிலையில் வைத்துப் பார்க்க, நம் பக்கத்தில் நடக்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெண் வீடு வலங்கைமான். தகப்பனார் இல்லை, தாயார்தான் வளர்த்திருக்கிறார், தாயாரின் தம்பி பக்கத்துத் தெருவில் இருந்து கவனித்துக்கொள்கிறார். பிள்ளை வீடு நீடாமங்கலத்தை அடுத்த கோயில்வெண்ணி. பிள்ளையின் அப்பாவுக்கு எழுத வராது, அண்ணன் எழுதுகிறார். எண்ணைக் கொடுத்தவர் இரண்டு குடும்பத்துக்கும் தெரிந்த ஒரு மளிகைக் கடைக்காரர்.

எழுதும் முன்பே கடைக்காரரிடம் சிலவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எண் யாருடையது, வீட்டில் முடிவெடுக்கிற பெரியவர் யார், பெரியவர்களில் யாராவது தவறிவிட்டார்களா, எண்ணைக் கொடுக்க அவர்கள் சம்மதித்தார்களா. தகப்பனார் இல்லாத வீட்டுக்கு ‘ஐயா, தங்கள் மகளுக்கு’ என்று செய்தி போய்ச் சேர்ந்தால், அதற்குப் பிறகு எவ்வளவு பணிவாக எழுதியிருந்தாலும் பயனில்லை. அந்த அம்மாள் முதல் சொல்லிலேயே நின்றுவிடுவார். விவரம் தெரியாத நிலையில் எழுத நேர்ந்தால் ‘வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவருக்கும் வணக்கம்’ என்று தொடங்குவது பாதுகாப்பானது.

விசாரித்துக்கொண்ட அண்ணன் இப்படி எழுதலாம்:

“மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கும், தங்கள் தம்பி அவர்களுக்கும் வணக்கம். வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். கடைத்தெரு மளிகைக் கடை அண்ணன் தங்களைக் கேட்டுக்கொண்டு இந்த எண்ணைக் கொடுத்தார். முன்பின் அறிமுகம் இல்லாமல் எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கோயில்வெண்ணி. அப்பா விவசாயம் பார்க்கிறார். மூன்று ஏக்கர் ஆற்றுப்பாசன நிலம். அப்பா அம்மா சொல்லி, என் தம்பிக்காக நான் எழுதுகிறேன். தம்பி டிப்ளமோ முடித்துத் திருச்சியில் ஒரு தொழிற்சாலையில் ஆறு வருடமாக வேலை செய்கிறான், வயது 29. எங்களுக்கு ஒரு தங்கை. திருமணமாகி மன்னார்குடியில் இருக்கிறாள்.

தங்களுக்கு விருப்பமானால் தம்பியின் ஜாதகத்தை அனுப்பி வைக்கிறோம். மகளிடமும் கலந்துகொண்டு நிதானமாகச் சொல்லுங்கள். தோதுப்படவில்லை என்றாலும் ஒரு வார்த்தை தெரிவித்தால் போதும். எங்களுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அப்பா அம்மா தங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்கள்.”

இதில் முதல் வணக்கம் தாயாருக்குப் போகிறது. பழைய பழக்கத்தில் இந்தக் கடிதம் மாமாவின் பெயருக்குப் போயிருக்கும். கணவனை இழந்தவர் சுப காரியத்தில் முன்னால் நிற்கக் கூடாது என்ற எண்ணம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பெற்று வளர்த்தவரைத் தாண்டி எழுதப்படும் மரியாதையை மரியாதையாக நான் எண்ணவில்லை. மாமாவை விட்டுவிடவும் கூடாது; தாய்மாமனைக் கேட்காமல் நம் பக்கத்தில் எந்தச் சடங்கும் இல்லை. அதனால் ஒரே வரியில் இருவருக்கும் வணக்கம்.

இரண்டாவதாக, உறவுப் பெயர் எதுவும் இல்லை. ‘அத்தை’ என்றோ ‘மாமா’ என்றோ ‘சம்பந்தி’ என்றோ எழுதவில்லை. சில குடும்பங்கள் நெருக்கம் காட்டுவதாக நினைத்து முதல் செய்தியிலேயே அப்படி எழுதிவிடுகின்றன. நிச்சயம் ஆன பிறகு வர வேண்டிய உறவை முன்கூட்டியே சூட்டினால், வேண்டாம் என்று சொல்ல நினைப்பவர் உறவை அறுப்பவர் ஆகிவிடுகிறார். அவருக்கு அந்தச் சங்கடத்தைக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. கடிதம் முழுவதும் ‘அம்மா’, ‘தாங்கள்’, ‘தங்கள்’ என்றே இருக்கட்டும். ஒரு இடத்தில் தாங்கள், இன்னொரு இடத்தில் நீங்கள் என்று கலந்தால், எங்கிருந்தோ படியெடுத்த செய்தி என்று தெரிந்துவிடும். ஒன்றைப் பிடித்தால் கடைசி வரை அதையே பிடிக்க வேண்டும்.

மூன்றாவது, எண் எப்படிக் கிடைத்தது என்ற வரி. வணக்கத்துக்கும் அறிமுகத்துக்கும் நடுவே இது வந்தாக வேண்டும். மாதவியின் ஓலைக்குக் கோசிகன் செய்த வேலையை இங்கே மளிகைக் கடைக்காரர் செய்கிறார். அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு ‘யார் இவங்க, எப்படி’ என்று பெண் வீட்டார் விசாரித்துக்கொள்ளலாம். இந்த ஒரு வரி இல்லாததால் பதில் வராமல் போகும் செய்திகள் ஏராளம். எண் எப்படிப் போயிற்று என்ற கவலை வந்துவிட்ட வீடு, வரனைப் பற்றி யோசிப்பதில்லை. வலைத்தளங்கள் வழியாகத் தேடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். முருகவேல் ஜானகிராமன் தொடங்கிய பாரத் மேட்ரிமோனி போன்ற தளங்களில் ஒரு பொத்தானை அழுத்தி விருப்பம் தெரிவித்துவிடலாம். அங்கிருந்து எண்ணைப் பெற்றுக் குடும்பத்துக்கு எழுதும்போது, எந்தத் தளத்தில், எந்தப் பதிவு எண்ணைப் பார்த்து எழுதுகிறோம் என்று சொல்லிவிட வேண்டும்.

அறிமுகத்தில் குடும்பம் முதலில், பிள்ளை பிறகு. ஊர், அப்பாவின் தொழில், எழுதுகிறவர் யார், ஏன் அவர் எழுதுகிறார், பிறகு பிள்ளையின் படிப்பும் வேலையும். சம்பளத் தொகை இல்லை. ஆறு வருடமாக ஒரே வேலையில் இருக்கிறான் என்பது தொகையைவிட அதிகம் சொல்லும். தொகையைக் கேட்பார்கள், அப்போது சொல்லலாம். நிலத்தின் அளவைச் சொன்னது பெருமைக்காக இல்லை. டெல்டாவில் மூன்று ஏக்கர் என்றால் வீட்டின் நிலை இன்னதென்று இரு தரப்புக்கும் உடனே விளங்கும். கூடுதலாகச் சொல்லிவிட்டால் பின்னால் விசாரிப்பில் அகப்பட்டுவிடும். நம் ஊர்களில் பட்டாவையும் கூட்டுறவுச் சங்கக் கடனையும் விசாரிக்காமல் பெண் கொடுப்பவர்கள் குறைவு. பிள்ளையே நேரடியாக எழுத வேண்டிய நிலை வந்தால், அதன் காரணத்தை வணக்கத்தை அடுத்தே சொல்லிவிட வேண்டும். அப்பா தவறிவிட்டார், அம்மாவுக்கு எழுத வராது, அம்மா பக்கத்தில் இருக்கிறார், பேச விரும்பினால் இந்த எண் என்று எழுதினால், பெரியவர்கள் இல்லாமல் கேட்கிறான் என்ற மனத்தாங்கல் வராது.

பெண்ணின் படத்தையோ ஜாதகத்தையோ இந்தக் கடிதம் கேட்கவில்லை என்பதையும் பாருங்கள். தங்கள் பிள்ளையின் ஜாதகத்தை அனுப்பலாமா என்றுதான் கேட்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து ஜாதகம் முதலில் போக வேண்டும் என்பது சமூகத்துக்குச் சமூகம் மாறும். பிராமணக் குடும்பங்களில் பெண் வீட்டார் ஜாதகம் கொடுப்பது நெடுநாள் வழக்கம். நிலத்தோடு வாழும் பல சமூகங்களில் பிள்ளை வீட்டார்தான் பெண் கேட்டுப் போக வேண்டும். வழக்கம் எதுவானாலும், கேட்கும் முன் தன் பக்கத்தைத் திறந்து வைப்பது கேட்கிறவரின் கடமை. கூத்தாநல்லூர் முஸ்லிம் குடும்பத்துக்கு எழுதும்போது ஜாதகப் பேச்சே இல்லை. தொடக்கம் அஸ்ஸலாமு அலைக்கும் என்றிருக்கும். கிறிஸ்தவ வீடுகளில் ஆண்டவரின் பெயரால் வாழ்த்து. மற்ற வரிசை அப்படியேதான்.

ஜாதகத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணிப்பில் நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் அதைப் பயன்படுத்தும் ஒரு வகை உண்டு. ‘பொருத்தம் சரியாக வரவில்லை’ என்ற பதில் நம் குடும்பங்களில் மறுப்பதற்கான நாகரிகமான வழி. பிள்ளையின் நிறமோ வேலையோ ஊரோ பிடிக்கவில்லை என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதில்லை. கிரகத்தின் மேல் போட்டுவிட்டால் இரு தரப்பும் அடுத்த நாள் ஒரே பேருந்தில் ஏறி, வணக்கம் சொல்லிக்கொள்ளலாம். இதைப் பொய் என்று பழிக்க எனக்குத் தோன்றவில்லை. சிறிய ஊர்களில் மறுக்கப்பட்டவரும் மறுத்தவரும் சேர்ந்தே வாழ வேண்டும். முதல் கடிதத்தின் வணக்கம் உண்மையானதா என்பதை இந்த இடத்தில் கண்டுபிடித்துவிடலாம். உண்மையானால் கடிதத்தின் முடிவில் வேண்டாம் என்று சொல்ல வழி விட்டிருக்கும். ‘நல்ல பதிலை எதிர்பார்க்கிறோம்’, ‘இந்த வாரத்துக்குள் சொல்லவும்’, ‘வேறு இரண்டு இடமும் வந்திருக்கிறது’ என்று முடிகிற கடிதம், தொடக்கத்தில் எத்தனை முறை வணங்கியிருந்தாலும், ஓலை அனுப்பிய அரசனின் தொனிக்கே திரும்பிவிடுகிறது. சீர்வரிசை, நகை பற்றிய பேச்சு முதல் கடிதத்தில் வந்தால் அந்த வீட்டுக்குப் பதில் எழுதவே வேண்டியதில்லை என்பது என் முடிவு. 1961 முதல் வரதட்சணை கேட்பது சட்டப்படி குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும்.

அனுப்பும் நேரத்தையும் பார்க்க வேண்டும். நமக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் அவர்களுக்கு இருக்கலாம். திங்கட்கிழமை காலை ஏழரை முதல் ஒன்பது வரை இராகு காலம். செய்தியின் மேல் நேரம் பதிந்திருக்கும். அஷ்டமி, நவமி, கரிநாள் தவிர்த்து ஒரு நல்ல வேளையில் அனுப்புவதில் நமக்கு இழப்பு ஒன்றுமில்லை. இரவு பதினோரு மணிக்கு அனுப்பாமல் இருப்பதற்குப் பஞ்சாங்கமே தேவையில்லை. செய்தி பார்க்கப்பட்டதற்கான நீலக்குறி விழுந்தும் பதில் வராவிட்டால், மறுநாளே கேள்விக்குறி அனுப்பக் கூடாது. தாயார் தம்பியைக் கேட்க வேண்டும், பெண்ணைக் கேட்க வேண்டும், ஜோதிடரிடம் ஒரு வார்த்தை கேட்க நினைப்பார்கள். பத்துப் பதினைந்து நாள் கழித்து, அதுவும் எண்ணைக் கொடுத்தவர் மூலமாக விசாரிப்பதுதான் முறை. அப்படியும் பதில் இல்லையென்றால் அதுவே பதில்.

ஆனாலும் பதில் எழுதாமல் விடுவதை நான் ஏற்கவில்லை. கடிதம் எழுதுகிறவருக்கு இத்தனை முறை இருக்கும்போது, பெறுகிறவருக்கும் ஒரு கடமை உண்டு. ஒரு காலத்தில் ஜாதகத்தோடு தபால்தலை ஒட்டிய உறையும் சேர்த்து அனுப்புவார்கள். பொருந்தவில்லை என்றால் ஜாதகத்தை அந்த உறையில் வைத்துத் திருப்பிவிடுவார்கள். ஜாதகம் திரும்பி வந்ததும் அடுத்த இடத்தைப் பார்க்கலாம் என்று தெரிந்துவிடும். இப்போது உறையும் வேண்டாம், தபால்தலையும் வேண்டாம். உங்கள் வீட்டுக்கு வணக்கம் சொல்லி ஒரு குடும்பம் எழுதியிருந்தால், வேண்டாம் என்று முடிவு செய்த அன்றே ‘வணக்கம். பொருத்தம் அமையவில்லை. தங்கள் பிள்ளைக்கு நல்ல இடம் அமையட்டும்’ என்று எழுதி அனுப்பிவிடுங்கள்.